அணைச் சுவரின் அடி ஏன் அகலம்: அழுத்தம் பாதிக் காரணம்தான்

கேள்வி: அணையின் சுவரை மேலே மெல்லிசாகவும் கீழே அவ்வளவு தடிமனாகவும் ஏன் கட்டுகிறார்கள்? ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்று சொன்னால் மட்டும் போதுமா?

போதாது. நீங்கள் பாடப் புத்தகத்தில் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, ஏதோ விட்டுப்போனது போலத் தோன்றித்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சந்தேகம் சரியானது. அணைப் பராமரிப்பில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில், விட்டுப்போனது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த வரியைப் படிப்பவர் மனதில் என்ன படம் வருகிறது? கீழே தண்ணீர் பலமாக அழுத்துகிறது, சுவர் மெல்லியதாக இருந்தால் அந்த இடத்தில் நொறுங்கி ஓட்டை விழுந்துவிடும், அதனால் தடிமனாக வைக்கிறார்கள் என்று. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு டன் என்ற வீதத்தில் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 30 டன். சாதாரணக் கான்கிரீட் நொறுங்க வேண்டுமென்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 2,000 டன் வேண்டும். ஆக, 30 மீட்டர் தண்ணீரின் அழுத்தம் கான்கிரீட்டை ஒன்றும் செய்யாது. (டன் நிறையின் அலகு, விசையின் அலகு அல்ல என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும். தளத்தில் இப்படித்தான் பேசுவோம், கணக்கும் எளிதாகப் புரியும்.)

நொறுங்காது என்றால் பிறகு எதற்குப் பயம்? மொத்தச் சுவரும் தள்ளப்பட்டுச் சறுக்கிவிடும், அல்லது வெளிப்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். அந்த இரண்டும்தான் பயம்.

30 மீட்டர் உயரமுள்ள ஓர் அணையை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் உச்சி வரை நிற்கிறது. சுவரின் நீளத்தில் ஒரே ஒரு மீட்டரை மட்டும் வெட்டி எடுத்துப் பார்ப்போம். மேலே அழுத்தம் பூஜ்யம், அடியில் 30 டன், சராசரி 15 டன். 30 மீட்டர் உயரத்துக்கும் சேர்த்தால் 450 டன் தள்ளு விசை. ஆழம் இரட்டித்தால் இது இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும், ஏனென்றால் சராசரி அழுத்தமும் இரட்டிக்கிறது, அழுத்தம் படும் உயரமும் இரட்டிக்கிறது. நீர்த்தேக்கம் பின்னால் எத்தனை கிலோமீட்டர் நீண்டு கிடந்தாலும் இந்த 450 மாறாது. ஆழம் ஒன்றுதான் கணக்கு.

அழுத்தம் கீழே அதிகம் என்பதால், இந்த மொத்த விசையும் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 10 மீட்டரில் குவிந்து தள்ளுவதாக எடுத்துக்கொள்ளலாம். சுவரின் வெளிப்பக்க அடி ஓரத்தைச் சுற்றிக் கவிழ்க்கும் திருப்புத்திறன் 450 × 10, அதாவது 4,500 டன்-மீட்டர்.

இப்போது இதைத் தாங்க ஒரே அளவு கான்கிரீட்டை இரண்டு விதமாக நிறுத்திப் பார்ப்போம். முதலில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக 10 மீட்டர் தடிமன். கன மீட்டருக்கு 2.4 டன் வீதம் எடை 720 டன். அந்த எடை சுவரின் நடுவில் இறங்குகிறது, வெளி ஓரத்திலிருந்து 5 மீட்டர். எதிர்த்து நிற்கும் திருப்புத்திறன் 3,600. தண்ணீரின் 4,500-க்கு முன்னால் இது நிற்காது, சுவர் கவிழும். அடுத்து, அதே 720 டன்னை முக்கோணமாக நிறுத்துவோம்: நீர்ப்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சரிவு, அடி அகலம் 20 மீட்டர், உச்சியில் ஒன்றுமில்லை. (நிஜத்தில் உச்சியில் பாதை போட அகலம் வைப்பார்கள்.) முக்கோணத்தின் எடை நீர்ப்பக்கத்தை ஒட்டி இறங்குவதால், வெளி ஓரத்திலிருந்து அதன் தூரம் 13.3 மீட்டர். எதிர்ப்பு 9,600, தேவையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு கைப்பிடிக் கான்கிரீட் கூடச் சேர்க்கவில்லை, வடிவம் மட்டும்தான் மாறியது.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. உச்சியிலிருந்து 15 மீட்டர் கீழே இந்த முக்கோணத்தைக் குறுக்காக வெட்டுங்கள். அதற்கு மேலே உள்ள தண்ணீர் தள்ளுவது 112.5 டன், அடியில் இருந்ததில் கால் பங்கு. அதற்கு மேலே உள்ள கான்கிரீட்டின் எடை 180 டன், அதுவும் கால் பங்குதான். எந்த மட்டத்தில் வெட்டினாலும் விகிதம் அதேதான். அடியில் மட்டும் தடிமன் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு மட்டமும் தனக்கு மேலே உள்ள மொத்தத் தண்ணீரின் தள்ளுதலுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதனால்தான் தடிமன் படிப்படியாகக் கூடிக்கொண்டே வருகிறது.

நிறையப் பேர் இங்கேயே முடித்துவிடுவார்கள். என்னால் முடிக்க முடியாது, ஏனென்றால் என் வேலையே இதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீர் சுவரை மட்டும் தள்ளாது, கிடைத்த இடுக்கிலெல்லாம் நுழையும். அணையின் அடியில், கான்கிரீட்டும் பாறையும் சேரும் இடத்தில் நுழைந்தால் அங்கிருந்து மேல்நோக்கித் தூக்கும். இதை மேல்தூக்கு விசை என்போம். நீர்ப்பக்க ஓரத்தில் 30 டன்னில் தொடங்கி வெளி ஓரத்தில் பூஜ்யமாகக் குறைகிறது என்று வைத்தால், நம் 20 மீட்டர் அடிக்கு மொத்தம் 300 டன். 720 டன் சுவர் திடீரென்று 420 டன் சுவர் போல நடந்துகொள்ளும். கான்கிரீட்டுக்கும் பாறைக்கும் இடையே உராய்வு 0.7 என்றால், சறுக்காமல் பிடிக்கும் விசை முன்பு 504 டன், 450-ஐச் சமாளித்தது. இப்போது 294 டன்தான். கான்கிரீட்டும் பாறையும் ஒட்டியிருக்கும் பிடிப்பைச் சேர்த்தால் இதைவிடக் கூடும் என்பது உண்மை, ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் அணை கட்ட மாட்டார்கள்.

அதனால் இரண்டு காரியம் செய்கிறார்கள். அடியை இன்னும் அகலமாக்குகிறார்கள், அப்புறம் அந்தத் தண்ணீருக்கு வெளியேற வழி வைக்கிறார்கள். அணைக்குள்ளே அடிப்பக்கமாக ஓர் ஆய்வுச் சுரங்கம் ஓடும், நாங்கள் கேலரி என்போம். அதன் தரையிலிருந்து பாறைக்குள் வரிசையாகத் துளையிட்டு வைத்திருப்பார்கள். நுழைந்த தண்ணீர் அந்த வடிதுளைகள் வழியாகக் கேலரிக்கு ஏறிவிடும், அடியில் அழுத்தம் இறங்கிவிடும். நம் கணக்கில் அடியை 25 மீட்டராக்கி, வடிதுளைகள் மேல்தூக்கைப் பாதியாக்குகின்றன என்று வையுங்கள். எடை 900, மேல்தூக்கு சுமார் 188, மீதி 712 டன். உராய்வு மட்டுமே கிட்டத்தட்ட 500 டன் பிடிக்கும். அணை நிற்கும்.

ஒருமுறை கேலரியைப் பார்க்க வந்த மேலதிகாரி ஒருவர், துளைகளிலிருந்து தண்ணீர் வழிவதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"அணை இப்படி ஒழுகுதே, யாராவது போட்டோ எடுத்துப் போட்டா என்ன ஆகும்? எல்லாத்தையும் சிமென்ட் வச்சு அடைச்சிடுங்க."

"சார், இது ஒழுகல் இல்ல. நாமளே வெளியே விடற தண்ணி. இதை அடைச்சா அணையைத் தூக்கும்."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். ஒரு பகுதியில் துளைகளின் தண்ணீர் சில பருவங்களாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது, அதே பகுதியில் அடியழுத்தத்தைக் காட்டும் பீசோமீட்டர் ஏறிக்கொண்டே வந்திருந்தது. நீர்த்தேக்க மட்டம் ஏறக்குறைய அதேதான். சுண்ணாம்பு படிந்து துளைகள் தாமாகவே அடைபடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. கசிவு குறைந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். அழுத்தம் ஏறிக்கொண்டு கசிவு குறைவது ஆபத்து. அடைக்கச் சொன்ன துளைகளைக் கடைசியில் மறுபடி துளையிட்டுச் சுத்தம் செய்ய அனுமதி வாங்கினோம், பீசோமீட்டரும் இறங்கியது. அந்த வேலையில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

வருத்தமும் உண்டு. தினமும் ஈரத்தில் இறங்கி அளவெடுத்து எழுதும் பணியாளர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. அளவெடுக்கும் இடம் காலியானால் நிரப்ப ஆள் வராது, ஆனால் அணையின் மேலே அலங்கார விளக்கு போடப் பணம் வந்துவிடும். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் பிரான்ஸின் பூசே அணையைப் பற்றித் தேடிப் படியுங்கள். 1884-இல் அதன் சுவரில் ஒரு பெரிய பகுதி அடித்தளத்திலேயே வெளிப்பக்கமாக நகர்ந்தது. அடியைப் பலப்படுத்தி மறுபடி தண்ணீர் நிரப்பினார்கள். 1895 ஏப்ரல் 27 அன்று உடைந்தது. உடைந்தது பலப்படுத்திய அடி அல்ல, உச்சியிலிருந்து சுமார் பத்து மீட்டர் கீழே உள்ள மட்டம். அந்த மட்டத்தில் சுவர் தனக்கு மேலே உள்ள தண்ணீருக்குப் போதிய தடிமன் இல்லாமல் இருந்தது. நீர்ப்பக்கம் விரிசல் விட்டது, விரிசலுக்குள் தண்ணீர் நுழைந்து தூக்கியது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான் மேல்தூக்கு விசையைப் பொறியாளர்கள் கணக்கில் தீவிரமாகச் சேர்த்தார்கள்.

"அப்படியானால் மெல்லிய அணைகள் எப்படி நிற்கின்றன?" என்று ஒருவர் கேட்பார். இத்தாலியின் வையோந்த் அணை 260 மீட்டருக்கு மேல் உயரம், அடித் தடிமன் 30 மீட்டருக்கும் குறைவு. அது வளைவு அணை. வளைவு அணை தன் எடையை மட்டும் நம்பாமல், தண்ணீரின் தள்ளுதலை வளைவின் வழியாக இருபக்கப் பாறைகளுக்குக் கடத்துகிறது. அதிலும் உச்சியைவிட அடி தடிமன்தான். மண் அணைகளின் அடி இன்னும் பல மடங்கு அகலம், ஆனால் அங்கே முக்கியக் காரணம் மண்ணின் சரிவு நழுவாமல் நிற்பதும் ஊடே கசியும் தண்ணீர் மண்ணை அரித்துப் போகாமல் இருப்பதும். நான் மேலே போட்ட கணக்கை அவற்றுக்குப் பொருத்தாதீர்கள். அது எடையால் நிற்கும் கான்கிரீட், கல் அணைகளுக்கு மட்டும்.