டூர் போவதாகச் சொல்லச் சொன்னால்…

"நான் பி.காம். முடித்தவன். பாங்காக்கில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, மாதம் 1 லட்சம் சம்பளம், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்று ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. ஏஜென்ட் 60,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. ஏர்போர்ட்டில் யார் கேட்டாலும் 'டூர் போகிறேன்' என்று சொல்லச் சொல்கிறார். அடுத்த வாரம் பயணம். மனசு உறுத்துகிறது. போகலாமா? போகாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?"
— வாசகர், மதுரை

போகாதீர்கள் தம்பி. உங்கள் உறுத்தல் சரியானது.

தாய்லாந்தில் வேலை பார்க்க அதற்கென்று 'நான்-இமிகிரன்ட் பி' விசா வேண்டும். வேலை கொடுக்கும் கம்பெனியின் ஆவணங்களைக் காட்டித்தான் அதை வாங்க முடியும். அதன்பின் அந்நாட்டின் வொர்க் பர்மிட்டும் வேண்டும். சுற்றுலாவாக நுழைந்தவர் அங்கே ஒரு நாள்கூட வேலை செய்ய முடியாது.

அப்படியிருக்க உங்களை ஏன் பொய் சொல்லச் சொல்கிறார்? பத்தாம் வகுப்புகூடத் தேறாதவர் வேலைக்காகத் தாய்லாந்து போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி தர வேண்டும். பட்டதாரிக்கு அந்த அனுமதி தேவையில்லை. அதனால் உங்கள் ஆஃபர் லெட்டரை எந்த அரசு அலுவலகமும் பார்க்கப்போவதில்லை. உங்களை நிறுத்திக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள் ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும் இமிகிரேஷன் அதிகாரி. அவரையும் தாண்டிவிடத்தான் 'டூர்' என்ற சொல்.

சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த பட்டதாரிப் பையனுக்கும் இதே பாடம்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவனுக்கு நடந்த இன்டர்வியூ, வாட்ஸ்அப்பில் ஒரு டைப்பிங் டெஸ்ட், அவ்வளவுதான். பயணத்துக்கு மூன்று நாள் முன்பு, "பாங்காக்கில் ஆபீஸ் எந்த ஏரியா?" என்று கேட்டிருக்கிறான். "கார் வரும், ஏழெட்டு மணி நேரப் பயணம், தூங்கிக்கொண்டே போ" என்று பதில் வந்தது. பாங்காக்கில் இருக்கும் ஆபீஸுக்கு எதற்கு எட்டு மணி நேரம்? விடாமல் கேட்டதில் 'மே சொட்' என்று ஒரு பெயர் கிடைத்தது. மேப்பைத் திறந்தான். பாங்காக்கிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது அந்த ஊர். பக்கத்தில் மோய் ஆறு, அக்கரையில் மியான்மரின் மியாவடி. அந்த மேப்பை செல்போனில் எனக்குக் காட்டியபோது அவன் விரல் நடுங்கியது.

மியாவடிப் பக்கம் இருப்பவை ஆன்லைன் மோசடிக் கூடாரங்கள். போலிக் கணக்குகளில் ஆட்களிடம் பழகிப் பணம் கறக்கும் வேலைக்குத்தான் படித்த, வேகமாக டைப் செய்யத் தெரிந்த பிள்ளைகளைத் தேடுகிறார்கள். இந்த ஆள்சேர்ப்பைப் பற்றி 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. 2025 மார்ச்சில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை மே சொட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் அழைத்து வர வேண்டியிருந்தது. ஆற்றைக் கடந்தவர் கையில் மியான்மர் விசா இருக்காது. தப்பித்து வந்தாலும் சட்டவிரோதமாக எல்லை தாண்டியவராகத்தான் அங்கே நிற்பார்.

இனி உங்கள் பணத்துக்கு வருவோம். emigrate.gov.in தளத்தில் பதிவுபெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. உங்கள் ஆள் அதில் இல்லையென்றால், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்ததே 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் 10வது பிரிவுப்படி குற்றம். பதிவு இருந்தாலும் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. உங்களிடம் வாங்கியது 60,000. இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சொல்லிச் சில ஸ்டேஷன்களில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. 27வது பிரிவிலேயே அது இருக்கிறது, எடுத்துக்காட்டுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 318(4)இன் கீழ் ஏமாற்றுக் குற்றத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

அதற்கு முன் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். "பயணத்தை ரத்து செய்கிறேன், பாஸ்போர்ட்டையும் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள்" என்று தேதி குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பழைய சாட், வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம். 'டூர்' என்று சொல்லச் சொன்ன குரல் பதிவு இருந்தால் அதுதான் உங்கள் முதல் சாட்சி. பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து என்கிறது 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 17வது பிரிவு. அதைப் பிடித்துவைத்துப் பேரம் பேச எந்த ஏஜென்டுக்கும் உரிமை கிடையாது. "நீ வராவிட்டால் பரவாயில்லை, வேறு ஆளைக் காட்டு, பணத்தைத் தருகிறேன்" என்பார்கள். நண்பர் யாரையும் காட்டிவிடாதீர்கள். அந்த நிமிடமே நீங்களும் ஆள்சேர்த்தவர் ஆகிவிடுவீர்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டதும் சமாதானம் பேச வருவது இவர்கள் வழக்கம். முழுத் தொகையும் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பையனுக்கு முதலில் பாஸ்போர்ட் வந்தது, பணம் மூன்று தவணையாக வந்தது. கடைசித் தவணை வந்த பிறகுதான் அவனைக் கையெழுத்துப் போட விட்டேன்.