மண் அறிக்கையிலிருந்து யூரியா அளவு

கேள்வி: ஒரு சென்ட் கத்தரித் தோட்டம்; அறிக்கையில் தழைச்சத்து எக்டருக்கு 210 கிலோ. எவ்வளவு யூரியா இடுவது?

அந்த 210 கிலோவைப் பயிரின் தேவையிலிருந்து நேரே கழித்துவிடாதீர்கள். 280-க்குக் கீழே இருப்பதால் உங்கள் மண் 'குறைவு' வகையைச் சேர்ந்தது என்பதையே அந்த எண் சொல்கிறது. கத்தரி ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எக்டருக்கு 100 கிலோ தழைச்சத்தைப் பரிந்துரைக்கிறது. குறைவான மண்ணுக்கு வழக்கப்படி கால் பங்கு கூட்டினால் 125 கிலோ, அதாவது சுமார் 40 சதுர மீட்டர் கொண்ட ஒரு சென்ட்டுக்கு 500 கிராம். யூரியாவில் 46 சதவீதமே தழைச்சத்து என்பதால், 500-ஐ 0.46-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,090 கிராம் வரும். பாதியை அடியுரமாகவும், மீதியை நட்ட 30-ஆம் நாள் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளியும் இட்டு, மண் அணைத்து, உடனே நீர் பாய்ச்சுங்கள். மொத்தத்தையும் ஒரே தவணையில் கொட்டிய பாத்தியில், இலை கரும்பச்சையாய்த் தழைத்தும் பூ பிடிக்காமல் போனதைக் கண்டிருக்கிறேன்.