சைஸ் 6 எந்தப் பையனுக்கு?

"என் மகனுக்கு வயது 10, உயரம் 4 அடி 7 அங்குலம். லெதர் பால் கிரிக்கெட் கோச்சிங்கில் சேர்த்திருக்கிறோம். ஒரு விளையாட்டுப் பொருள் கடை பேட் படத்தைப் போட்டு, '10 முதல் 12 வயது வரை சைஸ் 6. ரெண்டு வருஷம் கவலையில்லை! புது ஸ்டாக், சில பீஸ் மட்டுமே' என்று எழுதியிருக்கிறது. வாங்கலாமா?"
- ஒரு வாசகி, திருப்பூர்

வாங்காதீர்கள். அந்த விளம்பரத்தில் வயது இருக்கிறது, உயரத்தைக் காணோம். பேட்டின் அளவு உயரத்தை வைத்துத்தான். பெரும்பாலான அட்டவணைகளில் சைஸ் 6 தொடங்குவதே ஏறக்குறைய 5 அடி 2 அங்குலத்தில். உங்கள் மகனின் உயரத்துக்கு சைஸ் 3 வரும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், பையனும் வளர்கிறான் என்பதால் 4 வரை போகலாம். 6 பொருந்த அவன் இன்னும் ஏழு அங்குலம் வளர வேண்டும். அதற்குள் கடைக்காரர் சொல்லும் ரெண்டு வருஷமே முடிந்துவிடும்!

பெரிய பேட்டில் நீளத்தை விட எடைதான் வம்பு. வலது கை ஆட்டக்காரன் பேட்டைத் தூக்கி நேராகக் கொண்டுவருவது மேலே பிடித்திருக்கும் இடது கையால். எடை தாங்காவிட்டால் கீழே இருக்கும் வலது கை இறுக்கிப் பிடித்து இழுக்கும். நேராக வரும் பந்தையும் குறுக்கே வீசி லெக் பக்கம் அடிப்பான். பந்து வந்த பிறகுதான் பேட் இறங்கும். இரண்டு கையும் கைப்பிடியின் அடிக்கு நழுவி, மேல் முனை வயிற்றில் இடிக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும். இப்படி ஒரு வருடம் ஆடிவிட்டால் பழக்கத்தை மாற்றக் கோச் படாத பாடு படுவார்.

"கைப்பிடியை வெட்டித் தருகிறோம்" என்றும் சொல்வார்கள். வெட்டினால் நீளம்தான் குறையும். அடிப்பலகையின் எடை அப்படியே இருக்கும், தூக்கும்போது முன்னைவிடக் கனமாகக்கூடத் தோன்றும்.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? மைதானத்தில் போடும் ஷூவோடு அவனையே அழைத்துப் போங்கள். சைஸ் 3, 4 இரண்டையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது காலருகே ஊன்றிய பேட்டின் கைப்பிடி முனை இடுப்பு எலும்புக்குச் சற்றுக் கீழே நின்றால் நீளம் சரி. அப்புறம், மேல் கையால் மட்டும் பேட்டை முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொல்லி மனதுக்குள் பத்து எண்ணுங்கள். கை நடுங்கினாலோ, பேட்டின் முனை தாழ்ந்தாலோ அது கனம். ஒரே சைஸிலும் எடை பேட்டுக்குப் பேட் மாறும், அதனால் நாலைந்தைத் தூக்கிப் பார்க்கட்டும். சைஸ் 4-இல் இலேசானது கிடைத்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் 3 போதும்.

மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். பந்து பட்ட தடம் விழுந்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வாங்க மாட்டார்கள்.