லைனிங் வெளியே தெரிகிற அளவுக்குச் சுருங்கிய விஸ்கோஸ் கவுன்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நூறு சதவீத விஸ்கோஸ் கவுன் ஒன்று வாங்கினேன், உள்ளே பாலியெஸ்டர் லைனிங். லேபிளில் சொன்னபடி 30 டிகிரியில், மென்மையான சுழற்சியில் மெஷினில் துவைத்து, நிழலில் காயவைத்தேன். இப்போது லைனிங் 5 செ.மீ. கீழே தொங்குகிறது. கடையில் கேட்டால், “ரேயான் என்றால் சுருங்கத்தான் செய்யும், துவைத்த துணியைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறார்கள். கூடவே வாங்கிய லினன் சட்டை போட்ட ஒரு மணி நேரத்தில் கசங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: கவுனுக்குக் கேட்கலாம், வலுவாகவே கேட்கலாம். சட்டைக்கு முடியாது. காரணம் சொல்வதற்கு முன் ஒன்று. கவுனை மறுபடி நனைத்து இழுத்தோ, நீராவி இஸ்திரி போட்டோ நீளமாக்கிப் பார்க்காதீர்கள். விஸ்கோஸ் ஈரமாக இருக்கும்போது இழுத்துத் தேய்த்தால் ஓரளவு நீளம் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் அதன் பிறகு எவ்வளவு சுருங்கியது என்பதை யாராலும் அளக்க முடியாது. தையல் கோணிப்போனால் அந்தப் பழியும் உங்கள் மேல் விழும். ஆகவே லேபிளோடு, பில்லோடு, இப்போது இருக்கிற நிலையிலேயே மடித்து வையுங்கள்.

இனி அளவைப் பார்ப்போம். உங்களுக்காக ஒரு அளவுகோல் அந்த உடைக்குள்ளேயே தைத்து வைக்கப்பட்டிருக்கிறது: லைனிங். பாலியெஸ்டர் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, 30 டிகிரியில் அது சுருங்காது. லைனிங்கை வெளித்துணியைவிட 2 அல்லது 3 செ.மீ. குட்டையாக வைப்பதுதான் வழக்கம். உங்கள் கவுனில் 3 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், இப்போது வெளியே தெரிகிற 5 செ.மீ.யையும் சேர்த்து, வெளித்துணி 8 செ.மீ. ஏறியிருக்கிறது. தோளிலிருந்து விளிம்பு வரை இப்போது 92 செ.மீ. இருந்தால், முன்பு 100 செ.மீ. இருந்திருக்கும். அதாவது 8 சதவீதச் சுருக்கம். விற்பனைப் பக்கத்தில் உடையின் நீளம் போட்டிருந்தால் அதையும் படமெடுத்து வையுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால், “வாங்கும்போதே குட்டையாகத்தான் இருந்தது” என்று அவர்கள் சொல்ல முடியாது. நெய்த துணிக்கு 3 சதவீதம் வரை சுருங்கலாம் என்று ஆடை வணிக ஒப்பந்தங்களில் பரவலாக ஏற்றுக்கொள்கிறார்கள். 8 என்பது அதைவிட எவ்வளவோ அதிகம்.

அடுத்து, “ரேயான் என்றால் சுருங்கும்” என்ற பதில். விஸ்கோஸ் என்பது ரேயானின் ஒரு வகை, பரவலாகக் கிடைப்பது அதுதான். மரக்கூழில் இருக்கும் செல்லுலோஸைக் கரைத்து, மறுபடி இழையாக இழுத்துச் செய்கிறார்கள். இந்த இழை தண்ணீரை ஏராளமாகக் குடித்து, குறுக்கே பருத்துவிடும். துணியில் நீளவாக்கில் இருக்கும் பாவு நூல், குறுக்கே போகும் ஊடு நூல்களுக்கு மேலும் கீழுமாக வளைந்து ஓடுகிறது அல்லவா? நூல் தடித்ததும் அந்த வளைவு ஆழமாகிறது, அதே நீள நூல் குறைந்த நீளத் துணியாகிவிடுகிறது. அதோடு, தறியிலும் சாயப்பட்டறையிலும் துணியை இழுத்துப் பிடித்தபடியேதான் வேலை நடக்கிறது. அந்த இழுவிசை துணிக்குள் அடைபட்டிருக்கும். முதன்முறை நன்றாக நனையும்போது அது விடுபட்டு, துணி தன் இயல்பான நீளத்துக்கு வந்துவிடும்.

ஆகவே கடைக்காரர் சொன்னதில் அறிவியல் தவறில்லை. சட்டப்படி அது அவருக்கே எதிராகத் திரும்புகிறது. இழையின் குணம் தயாரித்தவருக்கு முன்பே தெரியும். வெட்டித் தைப்பதற்கு முன் துணியைத் தளரவிட்டுச் சுருக்கிக்கொண்டிருக்க வேண்டும். அது முடியாத துணி என்றால், தண்ணீர்த் தொட்டி அடையாளத்தின் மேல் பெருக்கல் குறி போட்டு, வட்டத்துக்குள் P என்ற உலர் சலவைக் குறியைத் தந்திருக்க வேண்டும். தொட்டிக்குள் 30, கீழே ஒரு கோடு என்று போட்டுவிட்டார்கள் என்றால், “இப்படித் துவைக்கலாம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வாக்கை நம்பித்தான் நீங்கள் துவைத்தீர்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறினாலும், நுகர்வோர் வழக்குகளில் இந்தக் கேள்விதான் மையம்: சொன்ன முறையில் பயன்படுத்தியும் பொருள் கெட்டதா? துவைத்தால்தான் தெரியவரும் குறையை, “துவைத்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்று பில்லில் அச்சடித்து மறைக்க நுகர்வோர் சட்டங்கள் பொதுவாக இடம் தருவதில்லை.

எதிர்த்தரப்பு உங்களிடம் எதைத் தேடும் என்பதையும் சொல்கிறேன். சூடான நீரா, டிரையரா, கனமான துணிகளோடு போட்டீர்களா என்றுதான் கேட்பார்கள். விஸ்கோஸ் ஈரத்தில் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். ஜீன்ஸோடு சுழன்றிருந்தால் தையல் ஓரங்களில் நூல் பிசிறியிருக்கும், மடிப்புகளில் வெளிறிய கோடுகள் தெரியும். அப்படி எதுவும் இல்லாமல் துணி முழுக்க ஒரே சீராகச் சுருங்கியிருந்தால், அது உங்களுக்குச் சாதகம். மெஷினில் வைத்த புரோகிராமின் பெயரையும் சுழல் வேகத்தையும் நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். அப்புறம், அளவு, துவைத்த தேதி, முறை, லேபிளின் படம் எல்லாவற்றையும் வைத்து, மாற்று உடையோ பணமோ வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தாமதித்தால் வழக்கு பலவீனமாகும். மறுத்தால், அதே மாதிரியின் துவைக்காத உடை ஒன்றை லேபிள்படி துவைத்து அளக்கும்படி துணிப் பரிசோதனைக் கூடத்தைக் கேட்கலாம். துவைத்த பின் அளவு எவ்வளவு மாறுகிறது என்று சோதிக்க ஐஎஸ்ஓ 5077 என்ற தரமுறை இருக்கிறது.

லினன் சட்டைக்கு வருவோம். அதில் குறை எதுவும் இல்லை. லினன் இழை பலமானது, நனைந்தால் இன்னும் பலமாகும், ஆனால் நெகிழாது. மடித்தால் திரும்ப எழும் குணம் அதற்கு மிகக் குறைவு. உடம்பின் சூடும் வியர்வையும் பட்டதும், செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு இடையிலான பிணைப்புகள் அறுந்து, மடிந்த நிலையிலேயே மறுபடி சேர்ந்துவிடுகின்றன. லேபிளில் “கசங்காது” என்று எழுதியிருந்தால் மட்டுமே நான் வேறு மாதிரி பேசுவேன்.

அதைத் துவைக்கும்போது மெஷினைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், சுழல் வேகத்தைக் குறைத்து வையுங்கள். முடிந்த உடனே எடுத்து உதறி, ஹேங்கரில் போட்டு, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே நல்ல சூட்டில் இஸ்திரி போடுங்கள். முழுக்கக் காய்ந்த பின் லினன் மடிப்பு இலேசில் போகாது.

மாற்றுக் கவுன் கிடைத்தால், முதல் வேலையாக அதன் நீளத்தை அளந்து குறித்து வையுங்கள். கையால் துவைக்க முடிந்தால் நல்லது: குளிர்ந்த நீர், மென்மையான திரவ சோப்பு, சில நிமிடங்கள் போதும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுங்கள். ஈரமாக இருக்கும்போதே கையால் நீளவாக்கில் மெதுவாக நீவி, சமதளத்தில் விரித்துக் காயவையுங்கள். பழைய கவுனுக்கு நான் வேண்டாம் என்று சொன்ன அதே நீவல்தான். வழக்கு முடிந்த பிறகு அதையும் இப்படி நனைத்துத் தேய்த்துப் பார்க்கலாம்.