படம் மட்டும் வந்திருக்கிறது, கேப்ஷன் எப்படி எழுதுவது?

“மார்த்தாண்டத்தில் ஸ்டூடியோவும் பிரிண்டிங் கடையும் வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி, ‘கேப்ஷன் எழுதித் தாருங்கள்’ என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டேட்டஸுக்கா, ஃபேஸ்புக்குக்கா என்று சொல்வதில்லை. வேடிக்கையாக எழுத வேண்டுமா, உருக்கமாக எழுத வேண்டுமா என்பதும் தெரிவதில்லை. திருப்பிக் கேட்டால் ‘நீங்களே பார்த்து எழுதுங்கள்’ என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது, ஐயா?”
– வாசகர், மார்த்தாண்டம்

முதலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேள்வியை அதற்குப் பின்னால் வையுங்கள். தனக்கு என்ன வேண்டும் என்பது அனுப்பியவருக்கே ஒரு வரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிடிபடும். வெறுமனே கேட்டால் பதில் வராது. எழுதிக் காட்டினால், “நன்றாக இருக்கிறது, ஆனால் இதை ஃபேஸ்புக்கில் போடப் போகிறேன், ஊர்ப் பெயரும் சேருங்கள்” என்று அவரே சொல்லிவிடுவார். ஒரே ஒரு வகைப் படத்துக்கு மட்டும் இந்த வரிசையை மாற்ற வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அனுப்பியவர் எதுவும் சொல்லாவிட்டாலும் படம் கொஞ்சம் சொல்லும். அதன் அளவைப் பாருங்கள். போன் கேமரா வழக்கமாக எடுப்பது 3:4. அது ஒல்லியாக, 9:16 என்ற அளவில் நீண்டிருந்தால் ஸ்டேட்டஸுக்காக வெட்டியிருக்கலாம். சதுரமாகவோ 4:5 அளவிலோ இருந்தால் பெரும்பாலும் இன்ஸ்டாகிராம். சிலர் கேமராவையே முழுத்திரை அளவில் வைத்திருப்பார்கள் என்பதால் இது துப்புதானே தவிர சாட்சி இல்லை. கேட்ட விதமும் ஒரு துப்பு. தமிழ் எழுத்தில் கேட்டவருக்குத் தமிழில் எழுதலாம். கேலிப் பொம்மை ஒன்றைச் சேர்த்து அனுப்பியவர் உருக்கமான வரியை எதிர்பார்ப்பதில்லை.

ஒரு துப்பை மட்டும் நம்பாதீர்கள்: கோப்பின் பெயர். IMG-20250114-WA0007.jpg என்று இருந்தால், 2025 ஜனவரி 14 அன்று எடுத்த படம் என்று பொருளில்லை. வாட்ஸ்அப் வழியாக அந்தப் படம் அந்த போனுக்கு வந்து சேர்ந்த நாள் அது. பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்துக்கும் அப்படித்தான் பெயர் விழும். படம் எடுத்த நாள் அதற்குள் பதிந்திருந்தாலும், சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதை நீக்கிவிடுகிறது. இதைத் தெரியாமல் “பொங்கல் நாளில்” என்று எழுதிவிட்டால் பிழை உங்கள் தலையில் வரும்.

இனி, அண்மையில் எனக்கு வந்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நடைபாதை. இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி ஒருத்தி, வெள்ளை வேட்டி கட்டிய முதியவரின் ஆள்காட்டி விரலைப் பிடித்தபடி நடக்கிறாள். இருவரும் முதுகைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் கால்வாய்த் தண்ணீர் ஓடும் தொட்டி. மறுபக்கம் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் மரத் தலைகள். படம் ஒல்லியாக வெட்டப்பட்டிருந்தது. கூடவே வந்தது, “ஒரு கேப்ஷன் வேண்டும்” என்பது மட்டும்.

இந்தப் படத்தைப் பார்த்ததும் கைக்கு வரும் வரி, “தாத்தாவும் பேத்தியும் ஒரு மாலை நடை”. இதில் படத்தில் இல்லாதவை மூன்று இருக்கின்றன. அவர் தாத்தா என்பது தெரியாது. அவள் பேத்தி என்பது தெரியாது. மாலை என்பதும் தெரியாது; சாய்ந்த வெயில் காலையிலும் விழும். உறவு சரியாகவே இருந்தாலும் சொல் தவறிப்போகலாம். நம் குமரி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அவர் ‘பாட்டா’. அந்த வீட்டில் ‘தாத்தா’ என்று போட்ட வரி வேறு யாருடைய படத்துக்கோ எழுதியதுபோல் இருக்கும்.

‘தொங்கு பாலம்’ என்றும் எழுதிவிடாதீர்கள். சுற்றுலா வருகிறவர்கள் அப்படிச் சொல்வதுண்டு. அது தொங்கவில்லை, வரிசையான தூண்களின் மேல், நூறு அடிக்கும் கூடுதலான உயரத்தில், பறளியாற்றின் இரு பக்கத்து மேட்டையும் இணைத்து நிற்கிறது. 1960களில் பாசனக் கால்வாய்த் தண்ணீரைப் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கொண்டுபோகக் கட்டிய தொட்டி அது. திருவட்டாறு பக்கத்துக்காரர் அந்தப் படத்தைப் பார்த்தால் முதலில் இந்தப் பிழையைத்தான் பிடிப்பார்.

நான் எழுதியது இது:

“கீழே பறளியாறு. கையில் ஒரு விரல்.”

ஆறு கீழே ஓடுகிறது என்பது இடத்தைத் தெரிந்தவர் யாரும் சொல்லக்கூடிய உண்மை. விரல் படத்திலேயே இருக்கிறது. பயம், பாசம், பாதுகாப்பு என்ற எந்தச் சொல்லும் இல்லை; ஆனால் உயரத்தையும் பிடியையும் அடுத்தடுத்து வைத்தவுடன் பார்க்கிறவர் மனத்தில் அவை வந்துவிடுகின்றன. உறவைச் சொல்லாததால் யார் போட்டாலும் பொருந்தும். குறிப்பு எதுவும் கிடைக்காதபோது இப்படி ஒரு நடு வரியைத்தான் தேட வேண்டும். வேடிக்கையும் இல்லை, உருக்கமும் இல்லை. படத்தில் இருக்கும் இரண்டு பொருள்களைப் பெயர் சொல்லி அருகருகே வைப்பது. அதை எந்தப் பக்கமும் சாய்த்துக்கொள்ளலாம்.

அதோடு இரண்டாவது வரி ஒன்றும் அனுப்பினேன்: “மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நடைபாதையில் முதியவரின் விரல் பிடித்து நடந்து செல்லும் சிறுமி.” இது செய்தி வரி, போட்டிக்கு அனுப்பவோ மலரில் அச்சிடவோ ஆகும். இரண்டு போதும் என்பது என் உறுதியான கருத்து. சிலர் பத்து வரி எழுதி அனுப்புகிறார்கள். எடுத்துப் பார்த்தால் ஒரே வரிக்குப் பத்து உடை மாற்றியதாக இருக்கும். உங்கள் இரண்டாவது வரி முதல் வரியிலிருந்து வகையால் மாறுபட வேண்டும்: ஒன்று உணர்வைத் தொட்டால், மற்றது தகவலைச் சொல்ல வேண்டும். அனுப்பியவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலிருந்தே அவருக்கு வேண்டிய தொனி உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வரிகளுக்குக் கீழே இப்படி எழுதினேன்: “ஸ்டேட்டஸுக்கு என்று எண்ணி முதல் வரியை எழுதினேன். வேறு இடம் என்றால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்.” எந்த ஊகத்தில் எழுதினோம் என்பதைச் சொல்லிவிட்டால் திருத்துவது அவருக்கு எளிது. சற்று நேரத்தில் பதில் வந்தது. அந்த முதியவர் தாத்தா இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். வேலைக்குப் போகும் தாய், தன் மகளைத் தினமும் அழைத்துக்கொண்டு போய் வருகிறவருக்கு நன்றி சொல்ல ஃபேஸ்புக்கில் போட விரும்பியிருக்கிறார். வரியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் கீழே அவர் பெயரையும் நன்றியையும் அந்தத் தாயே எழுதிச் சேர்த்தார்.

இடம் மாறினால் என்ன மாறும் என்பதில் இரண்டு செய்திகள் மட்டும் முக்கியம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பார்ப்பவர்கள் எண் தெரிந்தவர்கள். அங்கே ‘இன்று’ என்று எழுதலாம், ஊர்ப் பெயரை விட்டுவிடலாம். எழுத்து படத்தின் அடியில் ஏறி நிற்பதால் ஒரு வரிக்கு மேல் போனால் கால்களை மறைக்கும். ஃபேஸ்புக்கில் அதே படம் அடுத்த ஆண்டு நினைவாகத் திரும்பி வரும், அறிமுகமில்லாதவர்களும் பார்ப்பார்கள். அங்கே ‘இன்று’ பொய்யாகிவிடும், ஊர்ப் பெயர் அவசியமாகிவிடும்.

இன்னொன்று நீளம். இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் தொடக்கத்தில் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதி மடிந்துகொள்ளும். எக்ஸ் தளத்தில் சாதாரணக் கணக்குக்கு 280. தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஏமாந்துபோகிறோம், ஏனென்றால் உயிர்க்குறியையும் மெய்ப்புள்ளியையும் கணினி தனித்தனியாக எண்ணுகிறது. மேலே சொன்ன “கீழே பறளியாறு. கையில் ஒரு விரல்.” என்ற வரியில் நம் கண்ணுக்கு 15 எழுத்து. கணினிக் கணக்கில் 26. இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்ந்தால் 32. ஆகவே எக்ஸில் போடும் தமிழ் வரி நம் கணக்கில் 130 எழுத்துக்குள் நின்றுவிடுவது நல்லது.

விற்பனைப் படமாக இருந்தால் தடுமாற்றமே வேண்டாம். வெள்ளைத் துணியின் மேல் வரிசையாக வைத்த தேன் பாட்டில்கள் என்றால், பொருளின் பெயர், அளவு, விலை, தொடர்பு எண். விலைக்கும் எண்ணுக்கும் இடம் விட்டு அனுப்புங்கள், அவர் நிரப்பிக்கொள்வார். ‘நூறு சதவீதம் சுத்தமானது’ என்பதை நீங்களாக எழுதாதீர்கள். அது விற்பவர் பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டிய சொல்.

இனி, வரிசையை மாற்ற வேண்டிய அந்த ஒரு வகைப் படம்.

வயதான ஒருவரின் முகம் மட்டும் இருக்கும். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் வேறொருவரின் தோளோ, பட்டுச் சேலையின் கரையோ துண்டாகத் தெரியும். கல்யாணக் கூட்டப் படத்திலிருந்து அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். தனியாக எடுத்த படம் வீட்டில் இல்லை, அவசரமாக ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. எண்பதாவது பிறந்தநாளாகவும் இருக்கலாம். ஆனால் என் அனுபவத்தில் அப்படி வெட்டி வந்தவை பெரும்பாலும் இரங்கல் செய்திக்கோ நினைவஞ்சலிக்கோ வந்தவைதான். சிரித்த முகம் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நினைவுக்கு வைக்கச் சிரித்த முகத்தைத்தான் தேடி எடுப்பார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு படத்துக்கு, கழுத்தில் மாலையைப் பார்த்துவிட்டு, “இன்னும் பல்லாண்டு வாழ்க” என்று எழுதி அனுப்பினேன். அது நாற்பத்தொன்றாம் நாளுக்கான படம். மாலை, அவர் உயிரோடு இருந்தபோது மகள் கல்யாணத்தில் போட்டது. அந்த மகன் கோபப்படவில்லை. “அப்பா போய்விட்டார், அண்ணா” என்று மட்டும் எழுதினார். இன்றுவரை அந்த வரி எனக்கு வலிக்கிறது.

இத்தகைய படம் வந்தால் ஒரு சொல்லும் எழுதாமல் கேளுங்கள். ‘இருக்கிறாரா’ என்று கேட்க வேண்டாம். உயிரோடு இருப்பவரின் வீட்டார் அதைக் கேட்டால் நெஞ்சு பதைக்கும். “ஐயாவின் படம் எந்த நிகழ்ச்சிக்கு? தேதியும், பெயர் எழுத வேண்டிய முறையும் சொன்னால் எழுதித் தருகிறேன்” என்றால் பிறந்தநாள் வீட்டாருக்கும் துக்க வீட்டாருக்கும் அது பொருந்தும். “நீங்களே பார்த்து எழுதுங்கள்” என்று வழக்கமாகச் சொல்கிறவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார், ஏனென்றால் பெயரும் தேதியும் அவரிடம் மட்டும்தான் இருக்கின்றன.