பழைய பதிவுகளின் முகவரியை மாற்றலாமா?

கேள்வி: வீட்டுத் தோட்டம் பற்றி வேர்ட்பிரஸில் எழுதி வருகிறேன். தலைப்பு தமிழில் இருப்பதால் முகவரியும் தமிழிலேயே வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் %E0%AE என்று நீளமாக ஏதோ போகிறது. இனி ஆங்கில எழுத்தில் வைக்கலாமா? ஏற்கெனவே வெளியான நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளையும் மாற்றிவிடலாமா?

பதில்: இனி எழுதப்போகும் பதிவுகளுக்கு மாற்றுங்கள். பழையவற்றைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுங்கள்.

கூகுளுக்குத் தமிழ் முகவரி புரியாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை, நன்றாகவே புரியும். உண்மையான சிக்கல் நீளம்தான். முகவரியில் ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது எழுத்தாக விரிகிறது. ‘க’ என்பது `%E0%AE%95` ஆகிவிடும். புள்ளியும் கால் கொம்புகளும்கூடத் தனித்தனிக் குறியீடுகள். வேர்ட்பிரஸோ ஸ்லக்கை, அதாவது முகவரியின் கடைசித் துண்டை, 200 எழுத்தோடு வெட்டிவிடும். ஆக, ஏறக்குறைய 22 தமிழ்க் குறியீடுகளுக்குத்தான் இடம்.

‘வீட்டுத் தோட்டத்தில் கத்தரிக்காய் வளர்ப்பது எப்படி?’ என்று தலைப்பு வைத்தால் கிடைப்பது இதுதான்:

```
வீட்டுத்-தோட்டத்தில்-கத்
```

கத்தரிக்காய் ‘கத்’தோடு நின்றுவிட்டது. அடுத்த மாதம் ‘வீட்டுத் தோட்டத்தில் கத்தரிக்காய்ப் பூச்சிகள்’ என்று எழுதினால் அதுவும் அதே இடத்தில் வெட்டுப்படும். இரண்டும் ஒன்றாகிவிடுவதால், கடைசியில் `-2` ஒட்டி, அதற்கு இடம் விட இன்னொரு குறியீட்டையும் தின்றுவிடும். எது எந்தப் பதிவு என்று உங்களுக்கே தெரியாது.

இதற்குப் பதில், வெளியிடும் முன் ஸ்லக் பெட்டியில் நீங்களே எழுதுங்கள்:

```
kathirikai-valarpu
kathirikai-poochi
```

சிறிய எழுத்து, சொற்களுக்கு நடுவே இணைப்புக்கோடு, இரண்டு மூன்று சொல் போதும். அடிக்கோடு வேண்டாம். `2025`, `10-tips` போன்றவையும் வேண்டாம். பதிவைப் பிறகு திருத்திப் பதினொன்றாவது குறிப்பைச் சேர்த்தால் முகவரி பொய்யாகிவிடும். kathirikai, kathirikkai, katharikai என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பதிவிலும் அதையே எழுதுங்கள். தேடலில் இதனால் முன்னுக்கு வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பலன் மிகச் சிறியது.

சரி, பழைய பதிவுகள். எடிட்டரில் ஒரு பதிவின் ஸ்லக்கை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை `_wp_old_slug` என்ற பெயரில் எழுதி வைத்துக்கொண்டு, பழைய முகவரிக்கு வருபவரை 301 ரீடைரக்ட் மூலம் புதியதற்கு அனுப்பும். இதை நம்பித்தான் பலர் துணிந்து இறங்குகிறார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓட்டைகள் உண்டு. ‘எங்களைப் பற்றி’ போன்ற பக்கங்களுக்கு இது வேலை செய்யாது, பதிவுகளுக்கு மட்டும்தான். ஒவ்வொன்றாகத் திருத்த அலுத்துப்போய், தரவுத்தளத்தை நேரடியாகத் திருத்தும் phpMyAdmin வழியாக மொத்தமாக மாற்றினால் பழைய ஸ்லக் எங்குமே பதிவாகாது. அத்தனை இணைப்பும் ‘பக்கம் இல்லை’ என்ற 404 பிழையாகிவிடும். பழைய ஸ்லக்கைப் புதிய பதிவு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டால், பூச்சி பற்றிப் படிக்க வந்தவர் வேறெங்கோ போய் நிற்பார். நாளை வேர்ட்பிரஸை விட்டு வேறு இடத்துக்குப் போனால் இந்தப் பட்டியல் தானாகக் கூடவே வராது.

அதனால் முதலில் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து, கடந்த 16 மாதக் கணக்கில் எந்தப் பக்கத்துக்குக் கிளிக் வருகிறது, வெளித்தளங்கள் எதற்கு இணைப்பு கொடுத்திருக்கின்றன என்று பாருங்கள். வரவு உள்ள பதிவைத் தொட்டால்தான் ஆபத்து: கூகுள் புதிய முகவரியைப் படித்து ஏற்கும்வரை தேடலில் ஏற்ற இறக்கம் இருக்கும். வரவே இல்லாத பதிவை மாற்றுவதால் பெரிய லாபமும் இல்லை. நேற்று வெளியிட்டு இன்னும் யாருக்கும் அனுப்பாத பதிவென்றால் தயங்காமல் மாற்றலாம்.

பகிரச் சின்ன முகவரி வேண்டும், அவ்வளவுதானே? ‘ரீடைரக்ஷன்’ செருகுநிரலில் `/kathirikai/` என்று ஒரு வழி போட்டு, இருக்கிற தமிழ் முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அதை அனுப்பலாம். அசல் முகவரி அசையாது.

மாற்றியே ஆகவேண்டிய பதிவு ஒன்றிரண்டு இருந்தால், வேர்ட்பிரஸை மட்டும் நம்பாமல் அதே செருகுநிரலில் பழையதிலிருந்து புதியதற்கு 301 போடுங்கள். அப்புறம் உங்கள் மற்ற பதிவுகளுக்குள் இருக்கும் பழைய இணைப்புகளையும் தேடித் திருத்துங்கள். அவற்றை வேர்ட்பிரஸ் தானாக மாற்றாது. பழைய முகவரியைப் பிரைவேட் விண்டோவில் திறந்து சோதியுங்கள், ஏனென்றால் சாதாரண விண்டோவில் பிரவுசர் முன்பு சேமித்து வைத்த ரீடைரக்டையே காட்டக்கூடும். இந்த 301-ஐக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். வாட்ஸ்அப் குழுக்களில் பழைய இணைப்பு அதைவிட நெடுநாள் சுற்றும் என்பதால், நான் அதை எடுக்கவே மாட்டேன்.