பெயரைக் கடைசியில் சொல்லட்டும்

மாரத்தஹள்ளியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமான உங்கள் மகளை, வெள்ளிக்கிழமை நிறுவன ஊழியர்கள் எல்லோரும் கூடும் டவுன் ஹால் கூட்டத்தில் தலைமை இயக்க அதிகாரியை அறிமுகப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எழுதிய உரையை அனுப்பி, மனப்பாடம் செய்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். மனப்பாடம் இருக்கட்டும், உரையையே மாற்ற வேண்டும்.

வாய்விட்டு வாசித்தேன், நான்கு நிமிடம் ஆனது. ஒரு நிமிடம் போதும். ஆங்கிலத்தில் சுமார் 120 சொற்கள். அதிகாரி படித்த கல்லூரிகளும் வகித்த பதவிகளும் வரிசையாக வருகின்றன. அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கு அவை புதிதல்ல. "தொலைநோக்கு கொண்ட மாபெரும் தலைவர்" என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள். எட்டு மாத ஊழியர் மேலதிகாரிக்குச் சான்றிதழ் கொடுத்தால், காக்காய் பிடிப்பதாகத்தான் அரங்கம் நினைக்கும்.

உங்கள் கடிதத்திலேயே நல்ல சரக்கு இருக்கிறது. அவள் வாடிக்கையாளர் சேவையில் இரவு ஷிப்ட் பார்க்கிறாள். அதிகாரி பேசப்போவது ஷிப்ட் மாற்றம் பற்றி. அவரும் தொடக்கத்தில் அதே வேலையில் இருந்தவர். இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்:

"இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் எடுக்க எங்கள் வரிசையில் மூன்று பேர் இருப்போம். அடுத்த மாதம் ஷிப்ட் முறை மாறுகிறது. ஏன், எப்படி என்று சொல்ல வருபவர், தன் முதல் வேலையில் இரவு அழைப்புகளை எடுத்தவர். நம் தலைமை இயக்க அதிகாரி..." பிறகு பெயர்.

பெயரோடு முடித்தால் கைதட்டல் தானாக எழும். நடுவில் சொன்னால் அங்கேயே தட்டிவிடுவார்கள். மிச்சம் காதில் விழாது. "மூன்று பேர்" என்பதை "மூன்று பேர்தான்" ஆக்கிவிட வேண்டாம், அது புகாராகிவிடும். முதல் வேலை பற்றிய செய்தியை மேடையில் சொல்லலாமா என்று அவருடைய செயலாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெயரைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறாளாம். வழுக்கும் இடம் அதுதான். பானர்ஜி, பாண்டே இரண்டுக்கும் நம் எழுத்தில் ஒரே 'பா'. ஆனால் முன்னதற்கு 'பஸ்'ஸில் வரும் ஒலி, பின்னதற்கு 'பால்' ஒலி. செயலாளரைத் தொலைபேசியில் சொல்லச் சொல்லிக் கேட்டு, நான்கு முறை திருப்பிச் சொல்லிப் பழகட்டும். இப்போதைய பதவிப் பெயரையும் அப்போதே கேட்டுவிடலாம். நான் ஒருமுறை இணையதளத்தை நம்பி ஒருவரைப் பழைய பதவியில் அறிமுகப்படுத்தினேன். பதவி உயர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒலிவாங்கியை வாங்கியதும் அவரே திருத்தினார். எனக்கு முகம் வியர்த்தது.

பெயரைச் சொன்னதும் ஓடிவிடாமல், அவர் வரும்வரை நின்று ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் ஏறிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இறங்கட்டும். கொடுக்கும்போது பொத்தானில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளட்டும். பதற்றத்தில் பலரும் அணைத்தே கொடுக்கிறார்கள்.